அதிகாரம் இல்லாமல் சக ஊழியரின் மனதை மாற்றிய அனுபவம்: நேர்காணல் கேள்விக்குப் பதில் தயாரிக்கும் முறை

“உங்களுக்குக் கீழே வேலை பார்க்காத ஒருவர் உங்கள் யோசனையை மறுத்தார். அவரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?” ஐடி நிறுவன நேர்காணல்களில் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடும். வரும் பதில்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் இருக்கும்: ஒரு பிரச்சினை இருந்தது, நான் டேட்டா காட்டினேன், அவர் ஒப்புக்கொண்டார், எல்லாம் நன்றாக முடிந்தது.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் மதிப்பெண் போட இதில் ஒன்றும் கிடைக்காது. மறுத்தவர் ஏன் மறுத்தார் என்பது பதிலில் எங்குமே இல்லை. அது இல்லாமல் நீங்கள் மாற்றியது என்ன என்று எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. கீழே உள்ள வரிசை முழுக்க அந்த ஒரு ஓட்டையை அடைப்பதற்காகத்தான்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த இரண்டு மூன்று வருட வேலையில் யாரோடாவது கருத்து வேறுபட்ட தருணங்களைத் தேடி எடுங்கள். பழைய மின்னஞ்சல், டிக்கெட், அப்ரைசல் படிவம், சாட் எல்லாவற்றையும் புரட்டுங்கள். நினைவை மட்டும் நம்பினால், நீங்கள் ஜெயித்த இடம் மட்டும் ஞாபகம் வரும். அவர் சொன்ன வார்த்தை மறந்துபோயிருக்கும். நமக்கு வேண்டியது அந்த வார்த்தைதான்.

வாடிக்கையாளர் பெயர், பிரீமியத் தொகை போன்றவற்றை இப்போதே நீக்கிவிடுங்கள். “ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கான செயலி” என்றால் போதும். பழைய நிறுவனத்தின் ரகசியத்தை இங்கே கொட்டுபவர், நாளை நம்முடையதையும் வெளியே கொட்டுவார் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும்.

## 1. கேள்வி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்

“அதிகாரம் இல்லாமல்” என்ற சொல் வந்தால், கேட்பவர் பார்க்க விரும்புவது உங்கள் வழிமுறையை. உத்தரவு போட முடியாத நிலையில் எதைக் கொண்டு நகர்த்தினீர்கள் என்பது. “மனதை மாற்றிய” என்று வந்தால், மாறுவதற்கு முன் அவர் என்ன நினைத்தார், பிறகு என்ன நினைத்தார் என்ற இரண்டும் வேண்டும். “சீனியரோடு முரண்பட்ட” என்று வந்தால், நீங்கள் எதிர்த்துப் பேசிய விதமும், முடிவு எடுத்தபின் நடந்துகொண்ட விதமும் கவனிக்கப்படும்.

மூன்றுக்கும் ஒரே சம்பவத்தைப் பயன்படுத்தலாம். எந்தப் பகுதியில் அதிகம் நிற்கிறீர்கள் என்பது மட்டும் மாறும். ஆகவே மூன்று கதையை அரைகுறையாகத் தயாரிப்பதைவிட ஒன்றை அடிவரை தோண்டி வைப்பது மேல். இன்னொன்றைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள், “வேறு ஒரு உதாரணம் சொல்லுங்க” என்று கேட்பவர்கள் உண்டு.

## 2. தகுதியில்லாத சம்பவங்களைக் கழியுங்கள்

உங்களுக்கு ரிப்போர்ட் செய்யும் ஜூனியரைச் சம்மதிக்க வைத்தது இங்கே செல்லாது. அவர் உங்கள் யோசனைக்குச் சம்மதித்தாரா, உங்கள் பதவிக்குச் சம்மதித்தாரா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

மேனேஜரிடம் கொண்டுபோய், அவர் சொன்னதால் மற்றவர் செய்த கதையும் செல்லாது. அது கடன் வாங்கிய அதிகாரம். இந்தத் தவறு மிகவும் சகஜம். சொல்பவர்களுக்கே அது தெரிவதில்லை: “மீட்டிங்கில் பேசினேன், மேனேஜருக்கு என் பாயிண்ட் புரிந்தது, அவர் டெவலப்பரிடம் சொன்னார்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். மனம் மாறியது மேனேஜருக்கு. கேள்வி டெவலப்பரைப் பற்றியது.

மறுத்தவர் முட்டாளாகத் தெரியும் சம்பவத்தையும் விடுங்கள். எதிராளியின் வாதத்தில் நியாயமே இல்லை என்றால், அதை முறியடித்ததில் பெருமை என்ன? நியாயமான காரணத்தோடு மறுத்தவர்தான் உங்கள் கதைக்கு வேண்டும்.

படிப்பு முடித்து வருபவர்கள் பயப்பட வேண்டாம். இறுதியாண்டு ப்ராஜெக்டில் நால்வரும் சமம், ஒருவர் மேல் மற்றவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான இடம் அலுவலகத்தில்கூடச் சுலபமாகக் கிடைக்காது.

## 3. முதல் வரியாக அவருடைய ‘வேண்டாம்’ என்பதை எழுதுங்கள்

இதுதான் முக்கியமான படி. வழக்கமாக எல்லோரும் சூழல், பணி, செயல், விளைவு என்ற ஸ்டார் வரிசையில் எழுதத் தொடங்குவார்கள். சொல்வதற்கு அந்த வரிசை நல்லதுதான். அமேசான் தன் வேலைவாய்ப்புப் பக்கத்திலேயே விண்ணப்பதாரர்களுக்கு அதைப் பரிந்துரைக்கிறது. ஆனால் தயாரிப்பையும் அந்த வரிசையில் செய்தால், சூழலை விவரிக்கவே பாதித் தாள் தீர்ந்துவிடும். எதிராளிக்கு இடமே இருக்காது.

அதனால் வெற்றுத் தாளில் முதலில் அவர் சொன்ன மறுப்பை, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். “அது எங்க வேலை இல்ல.” “இப்ப நேரம் இல்ல.” “இது வரைக்கும் நல்லாத்தானே ஓடுது.”

அதற்குக் கீழே, அவர் வாய்விட்டுச் சொல்லாத காரணத்தை எழுதுங்கள். சொன்ன காரணமும் உண்மையான காரணமும் பெரும்பாலும் வேறு வேறு. “நேரம் இல்ல” என்பதற்குப் பின்னால், இது உடைந்தால் இரவு இரண்டு மணிக்கு எழுப்பப்படப்போவது தான்தான் என்ற கணக்கு இருக்கலாம். “எங்க வேலை இல்ல” என்பதற்குப் பின்னால், ஒருமுறை தொட்டால் காலத்துக்கும் தன் தலையில் விழும் என்ற எச்சரிக்கை இருக்கலாம்.

மூன்றாவது வரியாக, அந்தக் காரணம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எழுதுங்கள். அவரிடம் கேட்டீர்களா? யாராவது சொன்னார்களா? நீங்களாக ஊகித்தீர்களா? ஊகம் என்றால் ஊகம் என்றே சொல்லுங்கள். “அவருக்கு ஈகோ” என்பது காரணம் ஆகாது. அந்தச் சொல் வந்த உடனே, நீங்கள் அவரிடம் எதையுமே கேட்கவில்லை என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது வரியை நிரப்ப முடியவில்லை என்றால் சம்பவத்தை மாற்றுங்கள். அவர் ஏன் மறுத்தார் என்று இன்றுவரை தெரியாத ஒரு கதையை வைத்து, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

## 4. பலிக்காத முதல் முயற்சியை விட்டுவிடாதீர்கள்

பலரும் பதிலை மெருகேற்றும்போது முதலில் வெட்டுவது, வேலைக்கு ஆகாத முயற்சியைத்தான். அது இருந்தால் தாங்கள் சாமர்த்தியம் இல்லாதவர்களாகத் தெரிவோம் என்ற பயம். நடப்பது நேர்மாறு. முதல் முயற்சி பலிக்காமல் போனதும், அதைப் பார்த்து இரண்டாவதை நீங்கள் மாற்றியதும்தான் உங்களுக்கு ஆளைப் படிக்கத் தெரியும் என்பதற்குச் சான்று.

அதோடு, கடைசியில் முடிவான திட்டத்தில் அவருடைய பங்கு என்ன என்றும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொண்டுபோனது அப்படியே ஏற்கப்பட்டிருந்தால் பரவாயில்லை. ஆனால் நிஜத்தில் அப்படி நடப்பது அபூர்வம். அவர் ஒன்றைத் திருத்தியிருப்பார். அந்தத் திருத்தத்தைச் சொல்பவர் மேல் நம்பிக்கை கூடுகிறது.

## 5. ஒரு சம்பவத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

விளக்குவதற்காக அமைத்த சம்பவம் இது. எண்களும் அப்படியே. ஆனால் தொழில்நுட்பப் பகுதி எந்தப் பேமெண்ட் செயலியிலும் நடக்கக்கூடியது.

காப்பீட்டுப் பிரீமியம் கட்டும் செயலி. அதில் ஒரு டெஸ்டர். நெட்வொர்க் மெதுவாக இருக்கும்போது பயனர் ‘பே’ பொத்தானை இரண்டு முறை அழுத்தினால், இரண்டு முறை பணம் போகிறது என்று கண்டுபிடிக்கிறார். ஜனவரி மாதக் கடைசி. வரிச்சலுகைக்காக எல்லோரும் பிரீமியம் கட்டும் மார்ச் நெரிசல் முன்னால் நிற்கிறது.

பேமெண்ட் பகுதியை வைத்திருக்கும் டெவலப்பர் அவரைவிட சீனியர். அவர் சொல்வது: “ரெண்டாவது பணம் தானா ரீஃபண்ட் ஆயிடும் ப்ரோ. மார்ச் முடியட்டும், பார்த்துக்கலாம்.”

டெஸ்டர் லாகை எடுத்து, ஒரே பாலிசிக்கு ஒரே தொகை ஒரு நிமிடத்துக்குள் இரண்டு முறை போன இடங்களை எண்ணுகிறார். ஒரு மாதத்தில் 37. அதைக் காட்டுகிறார். டெவலப்பர் திரையைப் பார்த்துவிட்டு, “37தானே?” என்கிறார். டேட்டா காட்டியாகிவிட்டது. ஒன்றும் நகரவில்லை.

இங்கேதான் கதை தொடங்குகிறது. டெஸ்டர் மறுபடி வாதாடப் போகவில்லை. டீ குடிக்கும்போது, “இந்தப் பகுதியைத் தொட்டா என்ன ஆகும்னு யோசிக்கிறீங்க?” என்று கேட்கிறார். பதில் உடனே வருகிறது: போன வருடம் இதே கோடில் ஒரு சின்ன மாற்றம் செய்து, இரவெல்லாம் உட்கார்ந்து பழைய நிலைக்குத் திருப்ப வேண்டியிருந்தது. ரீஃபண்ட் என்பது வாயில் வந்த காரணம். மார்ச்சில் பேமெண்ட் நின்றுபோகும் என்ற பயம்தான் உள்ளே இருந்த காரணம். அது நியாயமான பயம்.

அதன்பின் டெஸ்டர் இரண்டு வேலை செய்கிறார். முதலாவது, வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் போய் உட்கார்ந்து ரீஃபண்ட் எப்படி நடக்கிறது என்று பார்க்கிறார். அது தானாக நடப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊழியர் படிவம் நிரப்பி, நிதிப் பிரிவுக்கு அனுப்புகிறார். டெவலப்பருக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. டெஸ்டர் அதை மீட்டிங்கில் போட்டு உடைக்காமல், அவருடைய இடத்துக்குப் போய்த் தனியாகக் காட்டுகிறார்.

இரண்டாவது, பயத்தைக் குறைக்கும்படி யோசனையைச் சுருக்குகிறார். பேமெண்ட் ஓட்டத்தை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு கட்டண முயற்சிக்கும் செயலி ஒரு தனி எண்ணை உருவாக்கி அனுப்பட்டும். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாகப் பணம் எடுக்காமல் பழைய பதிலையே திருப்பித் தரட்டும். இதை ஒரு சுவிட்சுக்குப் பின்னால் வைத்து முதலில் 5 சதவீதப் பயனர்களுக்கு மட்டும் திறக்கலாம், கோளாறு என்றால் உடனே அணைத்துவிடலாம். பேமெண்ட் பகுதிக்கான மறுசோதனை முழுவதையும் தானே எழுதித் தருவதாகவும் சொல்கிறார்.

டெவலப்பர் இப்போது யோசிக்கத் தொடங்கி, ஒரு ஓட்டையைக் காட்டுகிறார். பொத்தானை அழுத்தும்போது எண் உருவானால், இரண்டு முறை அழுத்தினால் இரண்டு எண் உருவாகும், எதையும் தடுக்காது. கட்டணப் பக்கம் திறக்கும்போதே எண் உருவாக வேண்டும். டெஸ்டரின் திட்டத்தில் அது தவறாக இருந்தது. திருத்துகிறார்கள். பிப்ரவரி நடுவில் 5 சதவீதத்துக்கு வெளியாகி, மார்ச்சுக்குள் எல்லோருக்கும் திறக்கிறது. மார்ச்சில் கட்டணங்களின் எண்ணிக்கை கூடியும், இரட்டைக் கட்டணம் 4. அந்த நான்கும், ஒரே பாலிசியை இரண்டு பிரவுசர் தாவல்களில் திறந்தவர்கள். தாவலுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஓர் எண். இந்த முறையால் அதைத் தடுக்க முடியாது.

## 6. இதை இரண்டரை நிமிடத்துக்குள் அடக்குங்கள்

இப்போது ஸ்டார் வரிசைக்கு வரலாம். சூழலுக்கு அரை நிமிடம் போதும். இருவரும் யார், என்ன பிரச்சினை, ஏன் உத்தரவு போட முடியாது. செயலியின் கட்டமைப்பை விளக்க வேண்டாம், கேட்பவர் மனிதவளப் பிரிவைச் சேர்ந்தவராகக்கூட இருக்கலாம். அவருடைய மறுப்புக்கு அரை நிமிடம் கொடுங்கள். நீங்கள் செய்ததற்கு ஒரு நிமிடம் அல்லது கொஞ்சம் மேலே. மீதி விளைவுக்கு.

மேலே உள்ள கதை சொல்லும்போது இப்படி இருக்கும்:

“பேமெண்ட் பகுதியை வைத்திருந்த டெவலப்பர் என்னைவிட சீனியர், வேறு டீம். இரட்டைக் கட்டணத்தைச் சரிசெய்யச் சொன்னபோது, ரீஃபண்ட் தானாக நடக்கும், மார்ச்சுக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். ஒரு மாதத்தில் 37 முறை நடந்ததை லாகில் காட்டினேன், அது அவரை அசைக்கவில்லை. அப்புறம்தான் அவரிடமே கேட்டேன். முந்தைய வருடம் அதே கோடைத் தொட்டு ஓர் இரவு முழுக்கச் சிரமப்பட்டிருக்கிறார். அவருடைய கவலை நியாயமானது என்று எனக்குத் தோன்றியது. அதனால் உடனே அணைக்கக்கூடிய சுவிட்சோடு, 5 சதவீதப் பயனர்களிடம் தொடங்கும்படி யோசனையைச் சுருக்கினேன். சோதனை எழுதும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ரீஃபண்ட் கையால்தான் நடக்கிறது என்பதையும் சேவைப் பிரிவில் பார்த்து வந்து அவரிடம் தனியாகக் காட்டினேன். அவர் சம்மதித்தார். என் திட்டத்தில் இருந்த ஒரு பிழையையும் அவர்தான் திருத்தினார்.”

இதற்குப் பின் விளைவு: மார்ச் எண்ணும், மிஞ்சிய நான்கும். மிஞ்சியதைச் சொல்லாமல் ‘பிரச்சினை முழுதும் தீர்ந்தது’ என்று முடித்தால் கேட்பவர் நம்ப மாட்டார்.

## 7. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

எழுதியதை மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடம் செய்தவர் இடையில் ஒரு கேள்வி வந்தால் விட்ட இடத்தைப் பிடிக்க முடியாமல் தவிப்பார். ஐந்து சொற்களை மட்டும் நினைவில் வையுங்கள். இந்தக் கதைக்கு: ரீஃபண்ட், 37, போன வருட இரவு, சுவிட்ச், தாவல்.

நேர்காணல் ஆங்கிலத்தில் என்றால் முதல் இரண்டு முறை தமிழில் சொல்லிப் பார்ப்பது நல்லது. கதையின் வரிசை பிடிபட்ட பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முயன்றால், கவனம் எல்லாம் இலக்கணத்தில் போய், டெவலப்பர் சொன்ன வார்த்தை காணாமல் போகும்.

மொபைலில் பதிவு செய்து கேட்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எத்தனை முறை ‘நாங்கள்’ வருகிறது? நான் நான் என்று சொல்வது நமக்குக் கூச்சம். தலைக்கனமாகத் தெரியுமோ என்று ‘டீமா பண்ணோம்’ என்பதிலேயே ஒதுங்கிக்கொள்வோம். ஆனால் எதிரே இருப்பவர் உங்களை மட்டும்தான் வேலைக்கு எடுக்கப்போகிறார். லாகை எடுத்தது நான், ஓட்டையைக் கண்டுபிடித்தது அவர், வெளியிட்டது நாங்கள் என்று பிரித்துச் சொன்னால் தலைக்கனமும் தெரியாது, குழப்பமும் இருக்காது.

## 8. அடுத்து வரும் கேள்விகளுக்குத் தயாராகுங்கள்

முதல் பதிலை யார் வேண்டுமானாலும் தயாரித்து வரலாம் என்று கேட்பவருக்குத் தெரியும். அதனால் தோண்டுவார். இந்தக் கதைக்கு வரக்கூடியவை: “37 என்பதை எப்படி எண்ணினீர்கள்? ஒரே ஆள் வேண்டுமென்றே இரண்டு தவணை கட்டியிருந்தால்?” “ஏன் உங்கள் மேனேஜரிடம் போகவில்லை?” “அந்த டெவலப்பரிடம் இதே கதையைக் கேட்டால் என்ன சொல்வார்?”

முதல் வகைக்கு, எண் எங்கிருந்து வந்தது என்பது உங்கள் விரல் நுனியில் இருக்க வேண்டும். நீங்கள் எண்ணாத எண்ணைச் சொல்லாதீர்கள். துல்லியமாக ஞாபகம் இல்லையா, “ஏறக்குறைய நாற்பது” என்பது போதும்.

மேனேஜர் கேள்வி ஒரு பொறி போலத் தோன்றும், ஆனால் அப்படி இல்லை. மேலே கொண்டுபோவது எப்போதும் தவறு என்று சொல்லிவிடாதீர்கள். பணம் வேறொருவர் கணக்குக்குப் போகிறது என்றால் அன்றே போகத்தான் வேண்டும். இங்கே திரும்பக் கிடைக்கும் பணம், மார்ச்சுக்கு அவகாசமும் இருந்தது. அதனால் முதலில் அவரிடமே பேசினேன் என்று எல்லையைச் சொல்லுங்கள்.

மூன்றாவது கேள்விக்குத் தடுமாறுபவர்கள் அதிகம். “அவரும் சந்தோஷப்பட்டார்” என்பது பதிலாகாது. அவர் சொல்லக்கூடிய குறையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “முதலில் லாகைத் தூக்கிக்கொண்டு வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை, குற்றம் சாட்டுவதுபோல இருந்தது என்றுதான் சொல்வார்.”

## 9. சம்மதிக்காமலே போன கதையையும் ஒன்று வைத்திருங்கள்

“முயன்றும் முடியாமல் போனது உண்டா?” என்று கேட்டால், கடைசியில் தான் சொன்னதே சரி என்று நிரூபணமான கதையைச் சொல்லத் தோன்றும். அதைத் தவிருங்கள். அது தோல்விக் கதை வேடத்தில் வரும் வெற்றிக் கதை.

வேண்டியது வேறு: மாற்ற முடியவில்லை என்று எப்போது முடிவுசெய்தீர்கள், அதன்பின் அவருடைய முடிவுக்கு எப்படி வேலை செய்தீர்கள். அமேசான் வெளியிட்டிருக்கும் தலைமைக் கோட்பாடுகளில் ஒன்றே இதைப் பற்றியது: உடன்படாதபோது மரியாதையோடு எதிர்த்துச் சொல், முடிவு எடுத்தபின் முழுதாக அதன் பக்கம் நில். அங்கே போகிறவர்களிடம் இந்த இரண்டாம் பாதியைத் தனியாகத் தோண்டுவார்கள் என்று எதிர்பார்த்துப் போவது நல்லது.

நம் டெஸ்டரின் கதையில் டெவலப்பர் கடைசிவரை மறுத்திருந்தால் என்ன சொல்லலாம்? மார்ச் முடியும்வரை தள்ளிப்போடுவது என்று முடிவானது. நான் லாகில் தினமும் காலையில் ஓடும் ஒரு தேடலை எழுதி, முந்தைய நாளின் இரட்டைக் கட்டணப் பட்டியலைச் சேவைப் பிரிவுக்கு அனுப்பினேன், வாடிக்கையாளர் புகார் செய்யும் முன்பே ரீஃபண்ட் தொடங்க முடிந்தது. ஏப்ரலில் அந்த வேலை டெவலப்பரின் பட்டியலில் வந்தபோது, சோதனைகள் தயாராக இருந்தன.